அடித்தது, மேலே செருகியது, ஓரத்தில் சேர்த்தது: கையெழுத்துப் பக்கத்தை உள்ளபடி படியெடுக்கும் முறை

ஒரு கடித வரைவில் "நேற்று" என்ற சொல்லின் குறுக்கே கோடு போட்டு, அதன் தலைக்கு மேல் "இன்று" என்று எழுதியிருக்கிறது. படியெடுப்பவர் "இன்று" என்று மட்டும் எழுதினால், எழுதியவர் மனம் மாறிய தடயம் போய்விடுகிறது. "நேற்று இன்று" என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதினாலோ, மூலத்தில் இல்லாத ஒரு வாக்கியம் உருவாகிவிடுகிறது. இரண்டு சொற்களும் இருக்க வேண்டும். எது எந்த நிலையில், எந்த இடத்தில் இருந்தது என்பதும் இருக்க வேண்டும். அதைச் செய்யும் முறையை ஒரு மாதிரிப் பக்கத்தை வைத்து, வெறும் உரைக்கோப்பில் தொடங்கி டி.இ.ஐ. எனப்படும் உரைக்குறியாக்க நெறி வரை பார்ப்போம்.

இந்த வேலையில் ஒரு விதியை எப்போதும் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணால் கண்டது படிக்குள் போகும். ஊகித்தது குறிப்புக்குள் போகும். பெரும்பாலான பிழைகள் இந்த இரண்டும் கலப்பதால் வருகின்றன.

மாதிரிப் பக்கம்

இந்த வழிகாட்டிக்காக அமைத்த சிறு பக்கம் இது. நீல மையில் நான்கு வரிகள் உள்ளன.

முதல் வரி: "தங்கள் கடிதம் நேற்று கிடைத்தது." இதில் "நேற்று" ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, அதன் மேல் "இன்று" என எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாம் வரி: "கிணற்று வேலை பற்றித்" என்று தொடங்குகிறது. "கிணற்று" என்பதற்கும் "வேலை" என்பதற்கும் நடுவே கீழே ஒரு கூர்முனைக் குறி, மேலே "உறை" என்ற சொல். "பற்றித்" என்பதை அடுத்து ஒரு சொல் மை பூசி முற்றிலும் மறைக்கப்பட்டிருக்கிறது. அந்த மறைப்புக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் "ஆட்களிடம்" என்று எழுதியிருக்கிறது.

மூன்றாம் வரி: "பேசினேன். வாரம் மூன்று நாள் வருவதாகச்". இதன் நேரே வலது ஓரத்தில் பென்சிலால் "நான்கு?" என்று இருக்கிறது.

நான்காம் வரி: "சொன்னான். மழைக்கு முன் முடிய வேண்டும்." இதில் "சொன்னான்" என்பதன் கடைசி "ன்" மட்டும் அடிக்கப்பட்டு, மேலே "ர்கள்" என எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லை அடுத்த முற்றுப்புள்ளிக்குப் பின் ஒரு கூட்டல் குறி இருக்கிறது. இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக, அதே நீல மையில், இன்னொரு கூட்டல் குறியுடன் "மணல் வந்ததும் தொடங்கலாம்." என்று எழுதியிருக்கிறது.

தட்டச்சைத் தொடங்கும் முன்

பக்கத்தை ஒருமுறை எதையும் எழுதாமல் படியுங்கள். எத்தனை மைகள், எத்தனை கைகள், எத்தனை வகைக் குறிகள் என்று தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஒரு மை, ஒரு பென்சில். கூர்முனைக் குறி ஒன்று, கூட்டல் குறி ஒரு இணை. பென்சிலில் எழுதியவர் வேறு ஆளா என்பது "நான்கு?" என்ற ஒரே சொல்லை வைத்துத் தெரியாது. அதனால் "வேறு கை" என்று எழுதாமல் "பென்சில்" என்று எழுதுகிறோம். பென்சில் என்பது கண்ட செய்தி. வேறு கை என்பது முடிவு.

படத்தை வைத்து வேலை செய்தால் அது வண்ணப் படமாக, அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் இருக்கட்டும். அடித்தலும் மறைப்பும் நிறைந்த பக்கத்துக்கு 600 நல்லது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல மைக் கோடும் கறுப்பு மை எழுத்தும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். எது எதை அடித்தது என்று பிரிக்க முடியாது. வண்ணப் படமாக இருந்தால் பட மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீல அலைவரிசைகளைத் தனித்தனியே பார்க்கலாம். கறுப்பு எழுத்தைச் சிவப்பு மையால் அடித்திருந்தால், சிவப்பு அலைவரிசையில் அந்தக் கோடு வெளிறிப்போய் எழுத்து மட்டும் நிற்கும். நீல மைக் கோட்டுக்கு நீல அலைவரிசையைப் பாருங்கள். எழுத்தும் அடிப்பும் ஒரே மை என்றால் இந்த உத்தி உதவாது. அப்போது மூலத் தாள் கையில் இருந்தால், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பேனா அழுத்திய பள்ளங்களைப் பார்க்கலாம். தாளின் பின்புறத்திலும் அழுத்தம் தெரியும்.

குறிகளைத் தேர்ந்தெடுத்தல்

சொற்செயலியில் இருக்கும் குறுக்குக்கோட்டு வடிவமைப்பைப் பயன்படுத்தத் தோன்றும். பார்க்க மூலம் போலவே இருக்கும் என்பதால்தான் அது ஆபத்து. அந்தக் கோடு உரையின் பகுதி அல்ல, அதன் மேல் போட்ட ஒப்பனை. உரையை நகலெடுத்து வேறு இடத்தில் வெறும் உரையாக ஒட்டினால் கோடு மறைந்து, அடித்த சொல் உயிருள்ள சொல்லாக எழுந்து நிற்கும். "தங்கள் கடிதம் நேற்று இன்று கிடைத்தது" என்ற வாக்கியம் அப்படித்தான் பிறக்கிறது. ஒருங்குறியில் `U+0336` என்ற மேற்பொருந்தும் கோடு இருக்கிறது. அதையும் தவிர்க்க வேண்டும். எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் நடுவே அது நுழைந்தால் தமிழ் எழுத்து உடைந்து தெரியும். அந்தச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

ஆகவே குறி என்பது தட்டச்சு செய்யப்பட்ட எழுத்தாகவே இருக்க வேண்டும். கல்வெட்டு, பாப்பிரஸ் ஆய்வாளர்கள் 1931-இல் லெய்டன் நகரில் ஒத்துக்கொண்ட முறையில், எழுதியவரே அழித்ததை `⟦ ⟧` என்ற இரட்டைப் பகர அடைப்பில் இடுவார்கள். வரிமேல் செருகலுக்கு அதன் வழிவந்த நடைமுறையில் `\ /` வழங்குகிறது. அந்த ஆய்வாளர்களுக்கு அது பழகிய மொழி. பொது வாசகருக்கும் உடன் உழைக்கும் தன்னார்வலர்களுக்கும், பொருளைத் தானே சொல்லும் தமிழ்ப் பெயர்களைச் சதுர அடைப்புக்குள் வைப்பது எளிது. இங்கே ஐந்து பெயர்கள் போதும்:

```
[அடி: ...]      அடித்தது, ஆனால் படிக்க முடிகிறது
[மறை: ...]      படிக்க முடியாதபடி மறைத்தது
[மேல்: ...]     வரிக்கு மேலே செருகியது
[ஓரம் ...: ...]  ஓரத்தில் எழுதிய, உரையில் சேரும் பகுதி
[குறிப்பு ...: ...] உரையில் சேராத ஓர எழுத்து
```

மூலத்தில் சதுர அடைப்பு ஏற்கனவே வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் வேறு அடைப்பைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்த குறிகளைக் கோப்பின் தலையிலேயே எழுதிவையுங்கள். தனிக் கோப்பில் இருக்கும் விளக்கம் ஒருநாள் பிரிந்துபோகும்.

அடித்த சொல்

முதல் வரி இப்படி அமையும்:

```
1 தங்கள் கடிதம் [அடி: நேற்று][மேல்: இன்று] கிடைத்தது.
```

இரு அடைப்புகளுக்கும் நடுவே இடைவெளி இல்லை என்பதைக் கவனியுங்கள். அடித்த சொல்லும் அதற்குப் பதிலாக வந்த சொல்லும் ஒரே இடத்தைப் பங்கிடுகின்றன. இடைவெளி விட்டால், ஒன்றை நீக்கி வாசிக்கும்போது இரட்டை இடைவெளி எஞ்சும். சொல்லின் நடுவே வரும் திருத்தத்தில் அது சொல்லையே இரண்டாகப் பிளந்துவிடும்.

"இன்று" வரிக்கு மேலே இல்லாமல், அடித்த "நேற்று" என்பதை அடுத்து அதே வரியில் இருந்தால் கதை வேறு. அப்போது `[அடி: நேற்று] இன்று கிடைத்தது` என்றே எழுத வேண்டும். "இன்று" அடைப்புக்குள் போகாது. இது வெறும் ஒழுங்கு அல்ல. வரியிலேயே தொடர்ந்து வந்தால், எழுதும் ஓட்டத்திலேயே அடித்து மாற்றியிருக்கிறார் என்று பொருள். மேலே ஏறியிருந்தால், குறைந்தது அடுத்த சொல்லாவது எழுதப்பட்ட பிறகு திரும்பி வந்திருக்கிறார். திருத்தம் எப்போது நடந்தது என்பதற்கு அதன் இடமே பல சமயம் ஒரே சாட்சி. "மாற்றம்" என்ற ஒரே குறியை இரண்டுக்கும் போடும் படிகள் அந்தச் சாட்சியை அழித்துவிடுகின்றன.

அடித்த சொல்லில் பிழை இருந்தால் திருத்தாதீர்கள். பல நேரம் பிழையாக எழுதியதால்தான் அதை அடித்திருப்பார். நீங்கள் சரிசெய்தால் அடித்த காரணம் காணாமல் போகும்.

சொல்லின் அடியில் புள்ளிகள் இருந்தால் நிதானம் தேவை. அச்சுத்திருத்த வழக்கில், அடித்த சொல்லின் கீழ் புள்ளிகள் வைத்தால் "அடித்தது வேண்டாம், சொல் இருக்கட்டும்" என்று பொருள். இடைக்கால லத்தீன் சுவடிகளிலோ எழுத்தின் கீழ் புள்ளி வைத்தால் "இதை நீக்கு" என்று பொருள். ஒரே அடையாளம், நேரெதிர் பொருள். எந்த மரபில் எழுதப்பட்ட பக்கம் என்று தெளிவாகும் வரை "கீழ்ப்புள்ளி" என்று கண்டதை மட்டும் எழுதிவையுங்கள்.

மறைத்த சொல்

இரண்டாம் வரியில் ஒரு சொல் மைக்குள் மூழ்கிவிட்டது. இதை `[அடி: ...]` என்று புள்ளி வைத்து விடுவது போதாது. எவ்வளவு நீளம் மறைந்தது என்று சொல்ல வேண்டும். அதே கை எழுதிய பக்கத்து வரிகளில், மறைப்பின் அகலத்துக்குச் சமமான இடத்தில் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன என்று மூன்று இடங்களில் எண்ணுங்கள். தமிழில் "ர" குறுகியது, "ணை" அகன்றது. ஆகவே ஒற்றை எண் கிடைக்காது, ஒரு வீச்சு கிடைக்கும். நம் பக்கத்தில் 5, 6, 7 என்று வந்ததாகக் கொள்வோம். படியில் `[மறை: 5-7 எழுத்து]` என்று எழுதுகிறோம்.

"எழுத்து" என்றால் கண் பார்க்கும் எழுத்து என்று கோப்பின் தலையில் வரையறுத்துவிடுங்கள். "கோ" கண்ணுக்கு ஓர் எழுத்து. ஒருங்குறியில் அது `U+0B95`, `U+0BCB` என இரண்டு குறியெண்கள். ஒருவர் இப்படியும் மற்றவர் அப்படியும் எண்ணினால் வீச்சுகளை ஒப்பிட முடியாது.

இனி இந்த வரியின் சுவையான இடத்துக்கு வருவோம். மறைந்த சொல்லுக்கு முன் "பற்றித்" என்று இருக்கிறது. அந்தத் "த்" சந்தியால் வந்தது. எனவே மறைந்த சொல் தகர வரிசையில் தொடங்கியிருக்க வேண்டும். பதிலாக வந்த "ஆட்களிடம்" உயிரெழுத்தில் தொடங்குவதால், அந்தத் "த்" இப்போது ஆதரவில்லாமல் நிற்கிறது. எழுதியவர் அதை அடிக்க மறந்திருக்கிறார். நான்காம் வரியில் "சொன்னான்" என்பது "சொன்னார்கள்" ஆகியிருக்கிறது. ஆக மறைந்தது ஒரு தனி ஆணைக் குறித்த சொல், மரியாதைப் பன்மை இல்லாமல் சொல்லத்தக்கவன். "தம்பியிடம்" என்றால் 6 எழுத்து, வீச்சுக்குள் பொருந்துகிறது.

இவ்வளவு பொருந்தியும் "தம்பியிடம்" என்று படிக்குள் எழுதக் கூடாது. "தச்சனிடம்" என்பதும் 6 எழுத்து, அதுவும் தகரத்தில் தொடங்குகிறது, அதற்கும் "சொன்னான்" பொருந்தும். சந்தி முதல் எழுத்தைக் காட்டுகிறது, சொல்லைக் காட்டவில்லை. படியில் நீள வீச்சு மட்டும். சந்தி, வினைமுற்று என்ற இரு சான்றுகளும் அடிக்குறிப்பில். அதே காரணத்துக்காக, "பற்றித் ஆட்களிடம்" என்பதில் உறுத்தும் "த்" என்ற எழுத்தைப் படியெடுப்பவர் நீக்கவே கூடாது. மறைந்த சொல்லைப் பற்றி எஞ்சியிருக்கும் நேரடித் தடயம் அது ஒன்றுதான். ஒற்றுப்பிழை திருத்தும் பழக்கம் கைக்கு வந்தவர்கள் இந்த இடத்தில்தான் தம்மை அறியாமல் தவறுகிறார்கள்.

எழுத்துக்குள் நடக்கும் திருத்தம்

"சொன்னான்" என்பதில் அடிக்கப்பட்டது "ன்" மட்டும். எழுத்தின் எல்லையில் வெட்டு விழுவதால் சிக்கல் இல்லை:

```
சொன்னா[அடி: ன்][மேல்: ர்கள்].
```

"சொன்னான்" முழுவதையும் அடித்ததாகவும் "சொன்னார்கள்" முழுவதையும் மேலே எழுதியதாகவும் காட்டினால் வாசிக்க எளிதாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். எழுதியவரின் பேனா தொட்டது எதுவோ அது மட்டுமே அடைப்புக்குள் போக வேண்டும்.

இந்த விதி ஓர் இடத்தில் தடுக்கி விழும். "காலை" என்று எழுதி, துணைக்காலை மட்டும் அடித்து "கலை" ஆக்கியிருந்தால்? `க[அடி: ா]லை` என்று எழுதத் தோன்றும். ஆனால் உயிர்க்குறி தனியே நிற்காது. அதற்கு முன் மெய் இல்லாவிட்டால் புள்ளிவட்டத்தோடு தெரியும், அல்லது முன்னிருக்கும் குறியில் ஒட்டிக்கொள்ளும். கொம்பில் சிக்கல் இன்னும் கூடுதல். கையெழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னால் வருகிறது. ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. "பொய்" என்பதன் ஒற்றைக் கொம்பில் ஒரு சுழி சேர்த்து "போய்" ஆக்கியிருந்தால், சேர்ந்த சுழிக்கு எனத் தனிக் குறியெண்ணே கிடையாது.

இத்தகைய இடங்களில் முழு எழுத்தையும் அலகாக எடுத்துக்கொண்டு, நடந்த செயலைச் சொல்லால் எழுதுவதே நேர்மை. இதற்கு ஆறாவதாக ஒரு பெயர் வேண்டும்:

```
[மாற்று கா>க, துணைக்கால் அடிப்பு]லை
[மாற்று பொ>போ, கொம்பில் சுழி சேர்ப்பு]ய்
```

ஓர் எழுத்தின் மேலேயே இன்னோர் எழுத்தை அழுத்தி எழுதியிருந்தாலும் இதே வடிவம் பயன்படும்: `[மாற்று ன்>ர், மேலெழுத்து]`. இங்கே "மேலெழுத்து" என்பது எழுத்தின் மீதே எழுதியது. `[மேல்: ]` என்பது வரிக்கு மேலே வெற்றிடத்தில் எழுதியது. இரண்டும் குழம்பாதபடி பெயர்ப்பட்டியலில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பழைய எழுத்து எது என்று உறுதியில்லாவிட்டால் `[மாற்று ?>ர், மேலெழுத்து]`.

வரிக்கு மேலே செருகியது

"உறை" என்ற சொல் அடித்த சொல்லுக்கு மாற்று அல்ல, புதிதாக நுழைவது. அதற்குக் கீழே கூர்முனைக் குறி இருக்கிறது. சுவடி மரபில் இந்தச் செருகு குறிக்குக் காகபாதம் என்று பெயர். குறி நிற்கும் இடமே சொல் நுழையும் இடம்; மேலே எழுதிய சொல் இடம் போதாமல் வலப்புறம் தள்ளி ஏறியிருந்தாலும் குறியையே நம்புங்கள்.

```
2 கிணற்று [மேல் ^: உறை ]வேலை பற்றித் [மறை: 5-7 எழுத்து][மேல்: ஆட்களிடம்]
```

"உறை" என்பதற்குப் பின் அடைப்புக்குள்ளேயே ஓர் இடைவெளி இருக்கிறது. சொல்லைச் செருகும்போது அதற்கு வேண்டிய இடைவெளியும் கூடவே வருகிறது. நீக்கும்போது கூடவே போக வேண்டும். `^` என்பது மூலத்தில் செருகு குறி இருந்ததைச் சொல்கிறது. குறி இல்லாமலேயே சொல் மேலே மிதந்தால் `^` போடாதீர்கள். பொருளுக்கு ஏற்ற இடத்தில் சொல்லை வைத்து, "இடம் ஊகம்" என்று குறிப்பெழுதுங்கள். குறி சொல்லும் இடத்தில் வைத்தால் வாக்கியம் சரியாக வரவில்லை என்றாலும் குறி சொல்லும் இடத்திலேயே வையுங்கள். எழுதியவரின் பிழையும் மூலத்தின் பகுதிதான்.

செருகலுக்குள்ளேயே அடித்தல் இருந்தால் அடைப்பை உள்ளடுக்கலாம்: `[மேல்: [அடி: இப்போ]இன்று]`. திறந்தது எல்லாம் மூடியதா என்று எண்ணிப் பாருங்கள். மூன்று அடுக்குக்கு மேல் போனால் வெறும் உரைக்குறி தாங்காது. அந்தப் பக்கத்தை டி.இ.ஐ. வடிவுக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஓரத்தில் உள்ளவை

ஓரத்தில் இருப்பது எல்லாம் ஒரே வகை அல்ல. உரைக்குள் நுழைய வேண்டிய பகுதி, உரையைப் பற்றிய கருத்து, உரைக்குச் சம்பந்தமே இல்லாத கோப்பு எண் அல்லது கணக்கு என்று மூன்றும் ஒரே ஓரத்தில் கிடக்கும். கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். இணைப்புக் குறி இருக்கிறதா? வாக்கியத்தில் வைத்தால் இலக்கணம் பொருந்துகிறதா? மையும் கையும் உரையோடு ஒத்திருக்கின்றனவா?

இடது ஓர வாக்கியம் மூன்றுக்கும் ஆம் என்கிறது. கூட்டல் குறி ஓரத்திலும் உரையிலும் இணையாக இருக்கிறது. ஆகவே அது குறி நிற்கும் இடத்தில் உரைக்குள் போகிறது. செங்குத்தாக எழுதியிருப்பதையும் பதிவு செய்கிறோம். பக்கம் நிரம்பிய பிறகு, தாளைத் திருப்பி எழுதிய வரி என்பதை அது உணர்த்தக்கூடும். அப்படி முடிவு செய்வது வாசிக்கும் ஆய்வாளரின் வேலை.

```
4 சொன்னா[அடி: ன்][மேல்: ர்கள்]. [ஓரம் இடது செங்குத்து +: மணல் வந்ததும் தொடங்கலாம். ]மழைக்கு முன் முடிய வேண்டும்.
```

வலது ஓரத்துப் பென்சில் "நான்கு?" முதல் கேள்விக்கே இல்லை என்கிறது. "மூன்று" அடிக்கப்படவில்லை, இணைப்புக் கோடு இல்லை, கேள்விக்குறி வேறு இருக்கிறது. "மூன்று" என்பதை "நான்கு" ஆக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டால், எங்கும் எடுக்கப்படாத முடிவை நாமே எடுத்ததாகும். எந்த வரிக்கு நேரே தொடங்குகிறதோ அந்த வரியின் இறுதியில் குறிப்பாக வைக்கிறோம்:

```
3 பேசினேன். வாரம் மூன்று நாள் வருவதாகச்[குறிப்பு ஓரம் வலது பென்சில்: நான்கு?]
```

இரண்டில் எது என்று முடிவாகாத ஓர எழுத்தைக் குறிப்பு என்றே வையுங்கள். குறிப்பை ஒருவர் பின்னால் உரைக்குள் சேர்க்க முடியும். உரைக்குள் ஏற்கனவே கரைந்துவிட்டதை வெளியே எடுக்க, அது வெளியிலிருந்து வந்தது என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

ஓர எழுத்து பக்கத்தைச் சுற்றி மேல் ஓரத்துக்கு ஏறினால், திரும்பும் இடத்தில் `|` இட்டு, குறியில் "இடது, பின் மேல்" என எழுதுங்கள். பின்பக்கத்துக்குத் தொடர்ந்தால் உரையை ஒரே இடத்தில் முழுதாக வைத்து, பின்பக்கத்தின் படியில் "முன்பக்க வரி 4-இன் தொடர்ச்சி இங்கே" என ஒரு குறிப்பு விடுங்கள். இரண்டு இடத்திலும் உரையை எழுதினால் ஒரே வாக்கியம் இருமுறை எண்ணப்படும்.

இரு வாசிப்புச் சோதனை

படி சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி, அதிலிருந்து இரண்டு உரைகளை எடுப்பது. அடித்ததையும் மறைத்ததையும் நீக்கி, செருகலைச் சேர்த்தால் இறுதி வாசிப்பு வரும். செருகலை நீக்கி, அடித்ததைத் திரும்ப எழுப்பினால் முதல் வாசிப்பு வரும். படியை `padi.txt` என்று ஒருங்குறியில் சேமித்திருந்தால், உள்ளடுக்கு இல்லாத பக்கங்களுக்கு, கணினியின் கட்டளை முனையத்தில் இடும் இந்த இரு `sed` கட்டளைகள் போதும்:

```
# இறுதி வாசிப்பு
sed -E 's/\[(அடி|மறை|குறிப்பு)[^]]*\]//g; s/\[(மேல்|ஓரம்)[^:]*: ([^]]*)\]/\2/g' padi.txt

# முதல் வாசிப்பு
sed -E 's/\[(மேல்|ஓரம்|குறிப்பு)[^]]*\]//g; s/\[அடி: ([^]]*)\]/\1/g' padi.txt
```

இறுதி வாசிப்பில் "தங்கள் கடிதம் இன்று கிடைத்தது. கிணற்று உறை வேலை பற்றித் ஆட்களிடம் பேசினேன். வாரம் மூன்று நாள் வருவதாகச் சொன்னார்கள். மணல் வந்ததும் தொடங்கலாம். மழைக்கு முன் முடிய வேண்டும்." என வரி எண்களோடு வரிவரியாக வரும். முதல் வாசிப்பில் "நேற்று", "கிணற்று வேலை", "சொன்னான்" என்று திரும்பும்; மறைந்த இடத்தில் `[மறை: 5-7 எழுத்து]` அப்படியே நிற்கும், அங்கே நம்மிடம் சொல் இல்லை என்பதால்.

இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். இரட்டை இடைவெளி வந்தால் அடைப்புக்கு வெளியே இடைவெளி தப்பியிருக்கிறது. இரு சொற்கள் ஒட்டிக்கொண்டால் செருகலுக்குள் இடைவெளி விடுபட்டிருக்கிறது. தனியே ஒரு `]` மிஞ்சினால் எங்கோ உள்ளடுக்கு இருக்கிறது. முதல் வாசிப்பு இலக்கணமாக வராமல் தடுமாறினால், பெரும்பாலும் எழுதும் ஓட்டத்தில் நடந்த திருத்தத்தை மேலே செருகியதாகக் காட்டியிருப்பீர்கள், அல்லது அதற்கு மாறாக. அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் மூலத்தைப் பாருங்கள். ஆனால் வாசிப்பு சீராக வரவேண்டும் என்பதற்காகப் படியை வளைக்காதீர்கள். "பற்றித் ஆட்களிடம்" போல மூலமே உறுத்தலாம். `[மாற்று ...]` இடங்களை இந்தக் கட்டளைகள் தொடாது. அவற்றைக் கையால் பார்த்துவிடுங்கள்.

டி.இ.ஐ. வடிவில் அதே பக்கம்

நீண்ட காலம் பாதுகாக்க வேண்டிய படிகளுக்கும், பல கைகள் கலந்த வரைவுகளுக்கும் டி.இ.ஐ. ஏற்றது. மேலே செய்த வேலை எதுவும் வீணாகாது. `[அடி: ]` என்பது `<del>`, `[மேல்: ]` என்பது `place="above"` கொண்ட `<add>`. ஒன்றுக்குப் பதில் ஒன்று வந்த இடத்தை `<subst>` சேர்த்துக் கட்டுகிறது.

```
<lb n="1"/>தங்கள் கடிதம் <subst><del rend="line">நேற்று</del><add place="above">இன்று</add></subst> கிடைத்தது.
<lb n="2"/>கிணற்று <add place="above">உறை </add>வேலை பற்றித்
<subst><del rend="blot"><gap reason="illegible" unit="char" atLeast="5" atMost="7"/></del><add place="above">ஆட்களிடம்</add></subst>
```

மூன்று எச்சரிக்கைகள். `<subst>` என்பதற்கு வெளியே, அடித்தலும் செருகலும் அருகருகே இருந்தாலே அவை மாற்று என்று பொருளாகாது. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாக வந்தது உறுதி என்றால் மட்டும் கட்டுங்கள். வரி முடிவில் சொல் உடைந்து அடுத்த வரியில் தொடர்ந்தால் `<lb break="no"/>` என எழுதுங்கள், இல்லாவிட்டால் தேடலில் அரைச் சொற்கள் மிதக்கும். துணைக்கால், கொம்புத் திருத்தங்களில் இங்கும் முழு எழுத்தே அலகு: `<subst rend="kaal-struck"><del>கா</del><add>க</add></subst>லை`. `rend` மதிப்புக்கு என்ன பொருள் என்று கோப்பின் தலைப்பகுதியில் எழுதிவிடுங்கள், ஏனெனில் உண்மையில் அங்கே யாரும் "க" என்று புதிதாக எழுதவில்லை.

பத்தி எல்லையைத் தாண்டிப் போகும் நீண்ட குறுக்குக் கோட்டை `<del>` தாங்காது. ஒரு குறி இரண்டு பத்திகளை வெட்டிக்கொண்டு போக, டி.இ.ஐ. எழுதப்படும் எக்ஸ்.எம்.எல். குறிமொழி இடம் தருவதில்லை. தொடக்கத்தில் ஒரு குறியும் முடிவில் ஒரு நங்கூரமும் வையுங்கள்:

```
<p>... <delSpan rend="line" spanTo="#d1"/>முதல் பத்தியின் கடைசிப் பகுதி</p>
<p>இரண்டாம் பத்தியின் தொடக்கம்<anchor xml:id="d1"/> ...</p>
```

ஓரத்திலிருந்து பல பத்திகளாக வரும் நீண்ட சேர்க்கைக்கு இதே அமைப்பில் `<addSpan>` இருக்கிறது. பென்சில் "நான்கு?" போன்றவை `<note place="margin">` ஆகட்டும், பின்னாளில் கை இன்னாருடையது என்று உறுதியானால் `hand` பண்பைச் சேர்க்கலாம், அதுவரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.